‘நீங்கள்’ சொல்லாமலே நாள் முழுக்கப் பேசலாம்… இந்தோனேசியாவில்! தெரியுமா?

எதிரில் ஒருவர் நிற்கிறார். அவரிடம் ஊர் கேட்க வேண்டும், விலை கேட்க வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும். ஆனால் ‘நீ’, ‘நீங்கள்’, ‘உங்கள்’ எதுவும் வாயில் வரக் கூடாது. முடியுமா? 27 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் இந்தோனேசியாவில் இதைத் தினமும் செய்கிறார்கள்! அந்த மொழியில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. காமு, காவ், ஆன்டா என்று ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் பெரியவர், ஆசிரியர், அதிகாரி, முன்பின் தெரியாதவர் என்று யாரிடம் பேசினாலும் அவற்றை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் அப்பாவையும் அக்காவையும் பதவியையும் பெயரையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எப்படி? வாருங்கள், பார்க்கலாம்!

கூப்பிடவும் அதே சொல், ‘நீங்கள்’ என்பதற்கும் அதே சொல்… தெரியுமா?

‘பாப்பாக்’ என்றால் அப்பா. ‘இபு’ என்றால் அம்மா. வயதில் மூத்த எந்த ஆணும் பாப்பாக், எந்தப் பெண்ணும் இபு. இதுவரை நமக்குப் புதிதல்ல; நாமும் தெருவில் போகிறவரை ஐயா, அம்மா என்றுதானே அழைக்கிறோம்? வியப்பு அடுத்த அடியில்தான் இருக்கிறது! நாம் “ஐயா” என்று கூப்பிட்ட பிறகு “நீங்க எங்க போறீங்க?” என்று கேட்போம். அவர்களோ “பாப்பாக் மாவ் கெ மானா?” என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘அப்பா எங்கே போக விருப்பம்?’. கேட்கப்படுபவர் எதிரில் நிற்கும் அதே பெரியவர்தான்! அவருடைய கார் ‘மோபில் பாப்பாக்’, அதாவது அப்பா கார். மருத்துவரிடமே “டாக்டர் கருத்துப்படி நான் சோறு சாப்பிடலாமா?” என்று கேட்பார்கள். உங்கள் கருத்து என்ற பேச்சே கிடையாது!

இதற்குள் ஒரு நுட்பமும் உண்டு. கூப்பிடும்போது சொல் பாதியாகிவிடும்: பாப்பாக் ‘பாக்’ ஆகும், இபு ‘பு’ ஆகும். ஆனால் ‘நீங்கள்’ நிற்க வேண்டிய இடத்தில் தனியாக வந்தால் முழுச்சொல்தான் வர வேண்டும். “பாக் மாவ் கெ மானா?” என்றால் காதுக்கு உறுத்தும். “பாக் பூடி” என்று பெயரோடு சேர்ந்தால் மட்டும் குறுக்கம் அங்கேயும் செல்லும். இரண்டையும் சேர்த்து “பாப்பாக் மாவ் கெ மானா, பாக்?” என்பதும் அன்றாடப் பேச்சுதான். ஒரே வாக்கியத்தில் முதல் பாப்பாக் ‘நீங்கள்’, கடைசி பாக் ‘ஐயா’!

ஒரே ‘இபு’ நானாகவும் நீங்களாகவும் அவராகவும் மாறும்… தெரியுமா?

ராணி என்ற மாணவி தன் பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டுகிறாள் என்று வையுங்கள். நடக்கும் பேச்சை அப்படியே சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் இப்படி வரும்:

“இபு நேரம் உண்டா?”
“உண்டு. ராணி என்ன கேட்க விருப்பம்?”
“நான் இபு புத்தகத்தைத் திருப்பித் தர வந்தேன்.”
“வைத்துக்கொள். இபு இன்னும் தேவையில்லை.”

முதல் வரியில் இபு ‘நீங்கள்’. மூன்றாம் வரியில் ‘உங்கள்’. நான்காம் வரியில் பேசுவது பேராசிரியை, எனவே இபு என்றால் ‘நான்’! வெளியே வந்து தோழியிடம் “இபு கோபப்படவில்லை” என்று ராணி சொன்னால் அங்கே இபு ‘அவர்’. ராணி என்ற பெயரும் அப்படித்தான். ஆசிரியை வாயில் அது ‘நீ’. வீட்டில் அம்மாவிடம் “ராணி இன்னும் பசிக்கவில்லை” என்று அவளே சொன்னால் அது ‘நான்’.

இது எப்படிச் சாத்தியம்? காரணம் வினைச்சொல்லில் இருக்கிறது. இந்தோனேசிய வினைக்கு ஆளைக் காட்டும் விகுதியே இல்லை! நான் போனாலும், நீ போனாலும், அவர் போனாலும் ‘பெர்கி’தான். வினை யாரையும் சுட்டாததால் எழுவாய் இருக்கும் இடத்தில் எந்தப் பெயரையும் நிம்மதியாக வைக்கலாம். குழப்பம் வராதா? எப்போதாவது வரும். அறையில் இன்னொரு பெரியவரும் இருக்கும்போது “பாப்பாக்குத் தெரியுமா?” என்றால் யாருக்கு என்ற கேள்வி எழும். அதனால்தான் எதிரில் இருப்பவரைக் கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘பாக்’ சேர்த்துவிடுவார்கள். அங்கே இல்லாதவரைப் பற்றியென்றால் அவர் பெயரைச் சேர்ப்பார்கள், அல்லது ‘பெலியாவ்’ என்ற மரியாதைச் சொல்லுக்கு மாறிவிடுவார்கள். எழுத்திலோ இன்னும் எளிது: எதிரில் இருப்பவரைக் குறிக்கும் உறவுச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே எழுத்திலக்கண விதி!

எல்லோருக்கும் பொதுவான ‘நீங்கள்’ ஒன்றை 1957-இல் உருவாக்கியே பார்த்தார்கள்… தெரியுமா?

ஆம்! மேல் கீழ் பார்க்காமல் எவரிடமும் சொல்லத்தக்க ஒரு சொல் வேண்டும் என்று நினைத்தார்கள். 1957 பிப்ரவரி 28 அன்று, ரோசிஹான் அன்வார் ஆசிரியராக இருந்த ‘பெடோமான்’ நாளிதழ் ‘ஆன்டா’ என்ற சொல்லை வாசகர் முன் வைத்தது. அதை முன்மொழிந்தவர் கேப்டன் சபிரின். சொல் நிலைத்ததா? நிலைத்தது! இன்று விளம்பரம், படிவம், வங்கிக் கடிதம், பொருளோடு வரும் பயன்பாட்டுக் குறிப்பு எங்கும் ஆன்டாதான். படிப்பவர் ஆணா பெண்ணா, சிறியவரா பெரியவரா என்று எழுதுபவருக்குத் தெரியாத இடங்கள் இவை. ஆனால் முகம் பார்த்துப் பேசும்போது கதை வேறு. வயது தெரிகிறது, உறவு தெரிகிறது. அப்புறமும் ஆன்டா என்றால் விலக்கி நிறுத்துவதுபோல் ஆகிவிடும். பாடப்புத்தகம் படித்துவிட்டு வரும் வெளிநாட்டார் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் ஆன்டா என்று பேசினால், யாரும் கோபப்பட மாட்டார்கள், ஆனால் பேச்சில் ஒரு குளிர் வந்து உட்கார்ந்துவிடும்.

அக்காவா அம்மாவா என்று முதல் நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும்… தெரியுமா?

‘நீங்கள்’ என்ற சொல்லில் வயது இல்லை. இபு, ம்பாக் என்றால் வயது வந்துவிடுகிறது! ஜாவா மொழியிலிருந்து வந்த ‘மாஸ்’ அண்ணன், ‘ம்பாக்’ அக்கா. உணவு விடுதியில் பரிமாறும் இளைஞர் மாஸ், கடையில் நிற்கும் இளம்பெண் ம்பாக். 25 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து நடத்துநருக்கு அவர் ம்பாக். வகுப்புக்குள் நுழைந்ததும் மாணவர்களுக்கு இபு, ஏனென்றால் அங்கே வயதைவிடப் பதவி பெரிது. கடைக்காரர் அவரை இபு என்றால் வயது கூட்டியதாக ஆகும்; அரசு அலுவலகத்தில் மூத்த பெண் அதிகாரியை ம்பாக் என்றால் தகுதி குறைத்ததாக ஆகும். தவறிவிட்டதை எப்படி அறிவது? அவர்களே சிரித்தபடி “ம்பாக் என்றே கூப்பிடுங்கள்” என்று திருத்திவிடுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்திலேயே மாறிக்கொள்ள வேண்டும்.

ஊர் மாறினால் உறவும் மாறும்! பாண்டுங் பக்கம் சுண்டா மக்களிடையே அண்ணன் ‘ஆகாங்’, அக்கா ‘தேத்தே’. பாடாங் நகரில் ‘ஊடா’, ‘ஊனி’. பாலியில் அண்ணன் ‘ப்ளி’, அக்கா ‘ம்போக்’. அதே ம்போக் ஜாவாவின் கிராமங்களில் அம்மா! இணையக் கடைக்காரர்கள் இதற்கெல்லாம் ஒரே வழி கண்டுவிட்டார்கள்: ‘காக்’. மூத்த உடன்பிறப்பு என்று பொருள். அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொது. முகம் தெரியாத வாடிக்கையாளர் எல்லோரும் காக்தான்!

‘நாம்’ என்பதே மரியாதையான ‘நீங்கள்’ ஆகும் ஊர் ஒன்று உண்டு… தெரியுமா?

தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. இந்தோனேசிய மொழியிலும் அச்சு அசலாக அதே பிரிவு: ‘கீத்தா’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள்! சுலவேசித் தீவின் மக்காசார் நகரில் இந்த ‘கீத்தா’வை எதிரில் இருப்பவருக்கே மரியாதையாகச் சூட்டிவிடுகிறார்கள். “கீத்தா எங்கே போகிறோம்?” என்று கேட்டால் கேட்டவர் கூட வரப்போவதில்லை, “நீங்கள் எங்கே போகிறீர்கள்?” என்பதே பொருள். ஜகார்த்தாவிலிருந்து போகிறவர்களே முதலில் திகைத்துப் போவார்கள்!

மனிதருக்குச் சொல்லத் தயங்கும் சொல் கடவுளுக்குப் போகிறது… தெரியுமா?

பெரியவரிடம் சொல்லக் கூடாத ‘எங்காவ்’, அதாவது நீ, வழிபாட்டில் இறைவனை அழைக்கும் சொல்! ‘உன்’ என்பதற்கான ஒட்டு ‘மு’வும் அப்படியே, கடவுளைக் குறித்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். தமிழ் பக்தர் சாமியிடம் ‘நீ’ என்று உரிமையோடு பேசுவது போலவேதான். காமு, காவ் ஆகியவை நண்பர்களுக்கும் காதலர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. நெருக்கம் முழுமையாக இருக்கும் இடத்தில்தான் ‘நீ’க்கு இடம்.

இதையெல்லாம் தமிழில் கொண்டுவர நமக்கும் ஒரு வாசல் இருக்கிறது… தெரியுமா?

முதலில் சிக்கலைப் பாருங்கள். தமிழில் ‘நீங்கள்’ என்பதை விட்டுவிட்டாலும் அது வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்: “எங்க போறீங்க?”. சொல்லுக்குச் சொல் பெயர்த்து “ஐயா எங்கே போகிறார்?” என்று எழுதினால் வேறு யாரையோ பற்றிய கேள்வியாகிவிடும். “ஐயா எங்க போறாங்க?” என்று ஐயாவிடமே கேட்டால் பண்ணையார் முன் கைகட்டி நிற்கும் தொனி வந்துவிடும். இந்தோனேசியரின் பாப்பாக்கில் அந்தப் பணிவே இல்லை. அமைச்சரும் தன் ஓட்டுநரை பாப்பாக் என்கிறார்!

ஆனால் நம் ‘கு’ உருபைக் கவனித்திருக்கிறீர்களா? “ஐயாவுக்கு எந்த ஊரு?” “அக்காவுக்கு என்ன வேணும்?” “தம்பிக்கு என்ன பேரு?” இவற்றில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை, வினையின் வாலும் ஆளைக் காட்டவில்லை! வேண்டும், பிடிக்கும், தெரியும், பசிக்கிறது என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் தமிழும் இந்தோனேசிய மொழிபோலவே பேசுகிறது. ஆக, மொழிபெயர்ப்பவர் செய்ய வேண்டியது இதுதான். எதிரில் இருப்பவரின் விருப்பம், தேவை, அறிவு பற்றிய வாக்கியம் என்றால் உறவுச் சொல்லோடு ‘கு’ சேர்த்து அப்படியே விடலாம். போதல், வருதல் போன்ற செயல் என்றால் உறவுச் சொல்லை விளியாக்கி, மரியாதையை வினைக்குக் கொடுத்துவிடலாம். அப்படிப் பார்த்தால் ராணியின் பேச்சு இப்படி வரும்:

“அம்மாவுக்கு நேரம் இருக்கா?”
“இருக்கு. ராணிக்கு என்ன கேக்கணும்?”
“உங்க புத்தகத்தைத் திருப்பித் தர வந்தேம்மா.”
“வச்சுக்கோ. எனக்கு இப்பத் தேவையில்லை.”

நான்கு வரியில் இரண்டு, இந்தோனேசிய வடிவத்தை அப்படியே காத்துவிட்டன! மூன்றாம் வரியில் ‘உங்க’ வந்தே தீர வேண்டும், ஏனென்றால் ‘அம்மா புத்தகம்’ என்றால் தமிழ்க் காதுக்கு வீட்டிலிருக்கும் அம்மாதான் நினைவுக்கு வருவார். நான்காம் வரியில் ‘அம்மாவுக்குத் தேவையில்லை’ என்று பேராசிரியை சொன்னால் அது சின்னக் குழந்தையிடம் பேசுவதாகிவிடும். அடுத்த முறை இந்தோனேசியப் படத்துக்குத் தமிழில் வசனம் எழுத வாய்ப்புக் கிடைத்தால், ஒவ்வொரு வரியிலும் முதலில் வினையைப் பாருங்கள். எங்கே உறவுச் சொல்லை விட்டுவைக்கலாம், எங்கே அதை விளியாக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்!