பதற்ற நெஞ்சு வலியும் இதய நெஞ்சு வலியும்

பதற்ற நெஞ்சு வலி என்பது இதயத்தில் நோய் எதுவும் இல்லாதபோது, மனப்பதற்றத்தாலும் அதனால் உடலில் எழும் மாற்றங்களாலும் மார்பில் உண்டாகும் வலி ஆகும். இதய நெஞ்சு வலி என்பது கரோனரி தமனிகள் சுருங்குவதாலோ அடைபடுவதாலோ இதயத் தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல் ஏற்படுவது. இரண்டும் ஒரே இடத்தில் தோன்றக்கூடியவை. இரண்டிலும் வியர்வையும் படபடப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். ஆகவே, இது எந்த வலி என்பதை நோயாளி தானாகவே முடிவு செய்வது பல நேரங்களில் தவறாகப் போகிறது.

பதற்றத்தால் வரும் வலி வெறும் கற்பனை அன்று. அச்சம் எழும்போது அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு வேகமாகிறது. மூச்சு விரைவாக, மேலோட்டமாக ஓடுகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகிக் களைத்துப்போய் வலிக்கின்றன. வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனிகளும் உதட்டைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போய், தலை சுற்றுகிறது. இந்த அறிகுறிகளைக் கண்டு அச்சம் மேலும் கூட, மூச்சு இன்னும் வேகமாகிறது. இவ்வாறு திடீரென உச்சத்துக்குப் போகும் நிலை பீதித் தாக்கு எனப்படுகிறது. இது பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்லத் தணியும்.

இதய வலியின் இயல்பை 18-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக விவரித்தார். நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போது மார்பை இறுக்கும் வலி, நின்றவுடன் மறைந்துவிடுகிறது என்பதே அவர் கவனித்தது. ஆஞ்சைனா என்னும் பெயரை இந்த வலிக்கு இட்டவரும் அவரே. இன்றும் மருத்துவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: உழைத்தால் வருகிறதா, ஓய்வில் அடங்குகிறதா?

வேறு சில வேறுபாடுகளும் உண்டு. இதய வலியை நோயாளிகள் பாரம் வைத்தது போல, பிசைவது போல, இறுக்கிக் கட்டியது போல என்று சொல்வார்கள். உள்ளங்கையை நடுமார்பில் வைத்துக் காட்டுவார்கள். அது கைகளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவலாம். பதற்ற வலியில் ஒரு விரலால் சுட்டக்கூடிய இடத்தில், பெரும்பாலும் இடப்பக்க மார்பில், சுருக்சுருக்கென்று குத்தும். சில நொடிகளில் மறையலாம், அல்லது நாள் முழுவதும் மந்தமாக இருந்துகொண்டே இருக்கலாம். அந்த இடத்தை அழுத்தினாலோ ஆழ்ந்து மூச்சு இழுத்தாலோ கூடுமானால், தசையிலிருந்து வரும் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாய்ப்பு என்ற சொல் இங்கே முக்கியமானது. மேற்கண்ட எந்த ஓர் அடையாளமும் மாரடைப்பை முற்றிலும் விலக்கிவிடாது. பெண்கள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரில் இதய வலி வழக்கமான உருவில் வராமல், களைப்பு, மூச்சிரைப்பு, குமட்டல் என்று மட்டுமே வெளிப்படலாம். நம் வீடுகளில் நெஞ்சு வலி என்றால் வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடா குடிக்க வைப்பது வழக்கம். ஏப்பம் வந்து சற்று இலேசாக இருந்தால் அதுவே சான்றாகிவிடுகிறது. அது சான்றே ஆகாது. மாரடைப்பு வலியும் இடையில் தணிந்து மீண்டும் வரக்கூடியது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையால் வலி குறைந்தது என்பதைக் கொண்டும் உறுதி சொல்ல முடியாது, உணவுக்குழாய்ப் பிடிப்பும் அதற்குக் கட்டுப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். துணிக்கடையில் கணக்கு எழுதும் 48 வயது ஆண் ஒருவருக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரவில் படுத்திருக்கும்போது இடப்பக்கம் குத்தும் வலி வந்தது. கைகள் மரத்தன, சாகப்போகிறோம் என்ற அச்சம் எழுந்தது. இசிஜி, இரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் இயல்பாக இருந்தன. பீதித் தாக்கு என்று கண்டறிந்து மருந்தும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார்கள்; குணமும் கிடைத்தது. இப்போது கடையின் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நடுமார்பில் இறுக்கமும் தாடையில் வலியும் வருகின்றன. அவர் படியிலேயே நின்று, கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சியைச் செய்கிறார். மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. பழைய பதற்றம்தான் என்று வீட்டாரும் நம்புகிறார்கள்.

இங்கே வலியைப் போக்கியது மூச்சுப் பயிற்சி அன்று, நின்றதுதான். ஓய்வில் இதயத்தின் இரத்தத் தேவை குறைந்ததால் வலி அடங்கியது. வலியின் இடமும் தன்மையும் அது வரும் நேரமும் மாறிவிட்டன. முன்பு கிடைத்த நோய்ப் பெயர் முன்பு வந்த வலிக்கு உரியது. புதிய வலிக்கு அது பொருந்தாது. இவர் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஓய்வில் எடுத்த இசிஜி இயல்பாக இருக்கிறது என்பதும் இவருக்குப் போதாது. வலி இல்லாத நேரத்தில், தமனி சுருங்கிய பலருக்கும் இசிஜி இயல்பாகவே இருக்கும். டிரெட்மில் சோதனையோ கரோனரி தமனிகளைக் காட்டும் சிடி ஸ்கேனோதான் இவருடைய கேள்விக்கு விடை தரும்.

ஓய்விலேயே வலி வந்து சில நிமிடங்களில் அடங்காமல் நீடித்தால் நிலைமை வேறு. அப்போது 108-ஐ அழைக்க வேண்டும், இலங்கையில் 1990. மருத்துவமனையில் உடனடியாக இசிஜி எடுத்து, டிரோப்போனின் என்னும் புரதத்தை இரத்தத்தில் அளப்பார்கள். இதயத் தசை சேதமடையும்போது வெளிப்படும் இப்புரதம் இரத்தத்தில் உயர்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும். எனவே வலி தொடங்கிய சிறிது நேரத்தில் எடுத்த முதல் முடிவு இயல்பாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பது அவசியம். முதல் முடிவைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது ஆபத்தான அவசரம். பதற்றம் என்று எண்ணிக் காகிதப் பைக்குள் மூச்சு விடச் செய்வதும் கூடாது. வலி இதயத்தினுடையதாக இருந்தால், ஆக்சிசன் குறைந்து கேடு விளையும்.

பதற்றம் உள்ளவருக்கு இதய நோய் வராது என்பதும் இல்லை. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இளவயதில் மாரடைப்பு வந்த பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், முதல் முறை வரும் நெஞ்சு வலியைச் சோதித்துப் பார்ப்பதே சரி. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருவதால், 40 வயதுக்காரரையும் இளைஞர் என்று விட்டுவிட முடியாது.

மறுபுறம், சோதனைக்கும் எல்லை உண்டு. ஆபத்துக் காரணிகள் இல்லாத 25 வயதுப் பெண்ணுக்கு டிரெட்மில் செய்தால், நோய் இல்லாமலே நோய் இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு கணிசமானது. அதிலிருந்து தேவையற்ற ஆஞ்சியோகிராம் வரை போக நேரிடும். ஒருமுறை முறையாகச் சோதித்து இயல்பு என்று தெரிந்தபின், அதே வலி அதே விதமாக வரும்போதெல்லாம் இசிஜி எடுப்பது சில நாள் நிம்மதியைத் தரும். பிறகு ஐயம் திரும்பி வரும். அவருக்கு வேண்டியது பீதித் தாக்குக்கான உளவியல் சிகிச்சை. எந்த மாற்றம் தெரிந்தால் மீண்டும் வர வேண்டும் என்பதை மருத்துவர் அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது: உழைப்பில் வரும் வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், முன்பு இல்லாத மூச்சிரைப்பு.