சீட்டில் ஆன்டிபயாட்டிக் இல்லை

2003-ம் ஆண்டு ஸ்வீடனில் சில அறுவை சிகிச்சை மருத்துவர்கள் துணிச்சலான ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். இடது அடிவயிற்றில் வலியும் காய்ச்சலுமாக வந்து, சி.டி. ஸ்கேனில் பெருங்குடல் அழற்சி உறுதியான நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் ஆன்டிபயாட்டிக். இன்னொரு குழுவுக்கு நரம்பு வழியாகத் திரவம் மட்டும்.

இந்த நோய்க்குப் பெயர் டைவர்டிகுலைட்டிஸ். பெருங்குடலின் சுவருக்குள் ரத்தக் குழாய்கள் நுழையும் இடங்களில் தசை சற்று பலவீனமாக இருக்கும். வயது ஏற ஏற, அந்த இடங்களில் உட்சவ்வு வெளிப்பக்கமாகப் பிதுங்கிச் சின்னச் சின்னப் பைகளாக மாறுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பைகளால் வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. சிலருக்கு மட்டும் ஒரு பையும் அதைச் சுற்றிய குடலும் வீங்கி, சிவந்து, வலிக்கத் தொடங்குகின்றன.

பையில் நுண்ணிய ஓட்டை விழுந்து கிருமிகள் கசிவதால்தான் இது வருகிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். கிருமிதான் காரணம் என்றால் கிருமிக்கொல்லிதான் மருந்து. அதனால் வந்தவர்கள் எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை யாரும் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவில்லை. வெஸ்தெரோஸ் நகரத்து மருத்துவர் அப்பாஸ் சபோக்கும் அவருடைய சகாக்களும் ஐஸ்லாந்தையும் சேர்த்துக்கொண்டு 623 நோயாளிகளிடம் அந்தச் சோதனையைச் செய்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள்.

குடலில் ஓட்டை, சீழ்க்கட்டி போன்ற சிக்கல்கள் ஆன்டிபயாட்டிக் வாங்கிய குழுவில் 1 சதவீதம். வாங்காத குழுவில் 1.9 சதவீதம். ஆட்களாக எண்ணினால் மூன்று பேரும் ஆறு பேரும். புள்ளியியல் கணக்கில் இதைத் தற்செயல் வித்தியாசத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. குணமாக எடுத்த காலத்திலும், ஓராண்டுக்குள் நோய் திரும்பி வந்ததிலும் வேறுபாடு தெரியவில்லை. மருந்தில்லாத குழுவில் ஏறக்குறைய பத்து பேருக்குக் காய்ச்சலோ வலியோ ரத்த அழற்சி அளவோ ஏறியதால் நடுவில் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டியிருந்தது. இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மருந்து கொடுக்காமல் விட்டவர்களை யாரும் கைவிட்டுவிடவில்லை. அருகிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு நெதர்லாந்தில் 528 பேரை வைத்து நடந்த ஆய்வும் இதையே காட்டியது. ஸ்பெயினில் ஒரு படி மேலே போய், நோயாளிகளை மருத்துவமனையில் சேர்க்காமல் வலி மாத்திரையோடு வீட்டுக்கே அனுப்பிப் பார்த்தார்கள். அங்கும் ஆன்டிபயாட்டிக் இல்லாதவர்கள் மோசமாகவில்லை. சிக்கலில்லாத வகையில் கிருமித் தொற்றைவிட அழற்சியின் பங்குதான் பெரிது என்ற கருத்து இப்படித்தான் வலுப்பட்டது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதை ஒரு மாதிரி நோயாளியை வைத்துப் பார்க்கலாம். ஐம்பத்தைந்து வயதுப் பெண். இரண்டு நாளாக இடது அடிவயிற்றில் விடாத வலி, லேசான காய்ச்சல். வாந்தி இல்லை, தண்ணீர் குடிக்க முடிகிறது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ கிடையாது. வயிற்றைத் தொட்டால் ஒரே இடத்தில்தான் வலி. மற்ற பகுதி மென்மையாக இருக்கிறது. ரத்தத்தில் சி.ஆர்.பி. என்னும் அழற்சிப் புரதம் லிட்டருக்கு 60 மில்லிகிராம். சி.டி. ஸ்கேனில் குடல்சுவர் தடித்திருக்கிறது, பக்கத்துக் கொழுப்பு கலங்கியிருக்கிறது. வெளியே காற்று இல்லை, சீழ் இல்லை.

இவருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லாமல் பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீர், மோர், ரசம் போன்ற நீராகாரம். வலி குறையக் குறைய மென்மையான சாப்பாடு. வலிக்குப் பாராசிட்டமால். ஐபுரூஃபன் வகை மாத்திரைகளும் ஓபியாய்டு வகை மாத்திரைகளும் குடலில் ஓட்டை விழும் அபாயத்தோடு தொடர்புடையவை என்பதால் பல மருத்துவர்கள் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இரண்டு நாளில் மருத்துவர் மறுபடியும் பார்க்க வேண்டும். வலி கூடினாலோ, காய்ச்சல் ஏறினாலோ, வாந்தி தொடங்கினாலோ அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இப்போது அதே பெண்ணிடம் ஒரு விவரத்தை மட்டும் மாற்றுவோம். அவர் மூட்டுவாதத்துக்காக நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்று வையுங்கள். முடிவு உடனே மாறுகிறது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் மறைத்துவிடும். வயிறு சாதுவாகத் தெரியும்போதே உள்ளே குடல் கிழிந்திருக்கலாம். கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கும் இதே நிலைதான். இவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் தாமதமின்றித் தொடங்க வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தே ஆக வேண்டும். முதுமையால் தளர்ந்தவர்கள், இதயம், சிறுநீரகம் போன்றவற்றில் வேறு பெரிய நோய் உள்ளவர்கள் ஆகியோரிடமும் மருத்துவர்கள் காத்திருந்து பார்ப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வு, எதிர்ப்புசக்தி குறைந்தவர்களையும் கர்ப்பிணிகளையும் சேர்க்கவே இல்லை. எனவே அதன் முடிவை அவர்களுக்குப் பொருத்துவது தவறு.

எண்களும் முடிவை மாற்றும். சி.ஆர்.பி. 140-ஐத் தாண்டினாலோ, வெள்ளணுக்கள் 15,000-ஐத் தாண்டினாலோ, ஸ்கேனில் திரவம் தேங்கியிருந்தாலோ, குடலின் நீண்ட பகுதி வீங்கியிருந்தாலோ நோய் சிக்கலான வகைக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கம் 2021-ல் தந்த ஆலோசனை இவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொல்கிறது. விடாமல் வாந்தி எடுப்பவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

விவாதத்துக்கே இடமில்லாத நிலைகளும் உண்டு. சீழ்க்கட்டி இருந்தால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம். கட்டி பெரிதாக, சுமார் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், ஸ்கேன் வழிகாட்டுதலில் குழாய் செருகிச் சீழை வடிப்பதும் தேவைப்படும். வயிறு முழுதும் பலகைபோல் இறுகியிருந்தால், ரத்த அழுத்தம் விழுந்து மூச்சு வாங்கினால், மனம் குழம்பினால், அது கிருமி ரத்தத்தில் பரவும் அவசரநிலை. அங்கே நரம்பு வழி ஆன்டிபயாட்டிக்கும் அறுவை சிகிச்சை மருத்துவரும் ஒரே நேரத்தில் வேண்டும்.

இன்னொரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடன், நெதர்லாந்து ஆய்வுகள் இடதுபக்க நோயைப் பற்றியவை. ஆசிய நாடுகளில் பெருங்குடலின் வலதுபக்கத்திலும் இந்தப் பைகள் அதிகம் காணப்படுகின்றன. அங்கே அழற்சி வந்தால் அது குடல்வால் அழற்சியைப் போலவே தோன்றும். ஸ்கேன் இல்லாமல் இரண்டையும் பிரிப்பது கடினம். ‘மருந்தில்லாமலே ஆறும்’ என்பது ஸ்கேன் எடுத்து, சிக்கலில்லை என்று தெரிந்தபின் மருத்துவர் எடுக்கும் முடிவு. வயிற்றுவலிக்குக் கடையில் தானாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குவதும், எதுவும் பார்க்காமல் வீட்டில் படுத்திருப்பதும் அந்த முடிவோடு சேராது.

குணமானபின் பலருக்கு வரும் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது. விதைகளும் வேர்க்கடலையும் பைகளில் போய்ச் சிக்கும் என்று முன்பு தடுத்தார்கள். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-ல் வெளியான ஆய்வில், கொட்டை வகைகளும் மக்காச்சோளப் பொரியும் இந்நோயைக் கூட்டியதாகத் தெரியவில்லை. எனவே அவற்றை விலக்க வேண்டியதில்லை. தள்ளிப் போடக் கூடாதது கொலோனோஸ்கோபி. சமீபத்தில் அந்தப் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள், குறிப்பாகச் சிக்கலான வகையில் பாதிக்கப்பட்டவர்கள், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதைச் செய்துகொள்ள வேண்டும். ஸ்கேனில் குடல்சுவர் தடித்துத் தெரிவது சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். அழற்சி அடங்கியபின் உள்ளே பார்த்தால்தான் அது தெரியவரும்.