காய்த்தோல் ஒரு வாளி, தட்டுச் சோறு ஒரு வாளி

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், டீச்சர். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது. அதனால் குப்பைக் கணக்கை வகுப்பறையில் அல்ல, சமையல்கூடத்தில் தொடங்குங்கள்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரித்தால் போதும் என்பார்கள். நான் மக்கும் குப்பையையே இரண்டாக்கச் சொல்வேன். காய்த்தோலுக்கு ஒரு வாளி, பிள்ளைகள் தட்டில் மீதம் வைத்ததற்கு ஒரு வாளி. தோல் எப்படியும் விழும். தட்டு மீதம்தான் அன்றைய சமையலைப் பற்றிப் பேசும். வெறும் வாளியின் எடையை முதலில் எழுதிக் கழித்துவிடுங்கள். ஒரு வாரம் நிறுத்தால் தாளில் இரண்டு நாள் இப்படி வரலாம் (எண்கள் மாதிரிக்கு):

| நாள் | சாப்பிட்டவர் | தோல் (கிலோ) | தட்டு மீதம் (கிலோ) | காகிதம், பிளாஸ்டிக் (கிலோ) | குறிப்பு |
|---|---|---|---|---|---|
| திங்கள் | 200 | 8 | 6 | 1.5 | சாம்பார் |
| வியாழன் | 180 | 7 | 12.6 | 1.2 | சோறு குழைந்தது |

மீதத்தைத் தலைக்கணக்கால் வகுத்தால் திங்கட்கிழமை ஆளுக்கு 30 கிராம், வியாழக்கிழமை 70. சாப்பிட்டவர் கட்டம் காலியாக இருந்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. குறிப்புக் கட்டத்தைச் சமையலரம்மாவிடம் கேட்டே நிரப்புங்கள். காரணம் அவருக்குத்தான் தெரியும்.

இனி உரக்குழி. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராக, காற்றுப் புக இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குங்கள். ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. குச்சிக்கிழங்குத் தோலை நறுக்கிப் போடுங்கள், முழுதாகப் போட்டால் மக்க நாளாகும். சோறுதான் வம்பு. அது கட்டியாகிக் காற்றை அடைத்துவிடும், புளித்த நாற்றம் வரும். வந்தால் கிளறி, சருகைக் கூட்டுங்கள்.

ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ஈரம் மிகுதி. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இரும்புக் கம்பியை நடுவில் செருகி, சற்றுப் பொறுத்து உருவிப் பாருங்கள். சுட்டால் வேலை நடக்கிறது. மலையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி நனைந்து குளிர்ந்துவிடும். கூரை போடுங்கள், வெயில் காலத்திலேயே சருகை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

காகிதமும் கழுவிய பால் பாக்கெட்டும் மூட்டை நிறையும் வரை சேரட்டும். பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு கிலோவுக்காக மலை ஏற மாட்டார். உள்ளே வெள்ளி பூசிய பிஸ்கட் உறையைப் பெரும்பாலும் அவர் எடுப்பதில்லை. அதை எடை போடாமல் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறினால், வாரக் கடைசியில் வீட்டிலிருந்து என்ன வருகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் பேசலாம்.

விடுதிப் பெண்களின் நாப்கின் மட்டும் இந்தக் கணக்கில் வேண்டாம். அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது. மூடியுள்ள தனி வாளியில் போகட்டும், பொறுப்பு விடுதிக் காப்பாளருக்கு.