ஆண்டு தவறினால் மதிப்பெண் எவ்வளவு?

"வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் ஏன் நடந்தது?" இரண்டு மதிப்பெண் வினா. மாணவி எழுதுகிறாள்: "உப்பு வரியை எதிர்த்து, 1932இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து சென்று உப்பெடுத்தார்கள்." ஆண்டு 1930, மற்றதெல்லாம் சரி.

வினா காரணத்தைத்தான் கேட்கிறது. எனவே விடைக்குறிப்பில் ஆண்டுக்குத் தனி மதிப்பெண் இல்லையென்றால் முழு மதிப்பெண்ணே நியாயம். பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டால் போதும். "எப்போது, ஏன்?" என்று கேட்டிருந்தால் ஆண்டுக்குரிய ஒரு மதிப்பெண் மட்டும் போகும்.

ஆனால், தண்டி யாத்திரையைப் பார்த்தே வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள் என்று எழுதிவிட்டு, வேதாரண்யத்துக்கு 1929 என்று போட்டால்? தண்டி 1930 மார்ச்சில் தொடங்கியது. அங்கே காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. அது வெறும் எண் பிழையல்ல. கருத்துக்கான மதிப்பெண்ணிலும் குறைக்கலாம். ஆசிரியர்களே, திருத்தத் தொடங்குமுன் இந்தப் பிரிவினையை விடைக்குறிப்பிலேயே எழுதிவையுங்கள்.