விலகுபவர் சொல்லாத காரணம்

வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் "வேற இடத்துல சம்பளம் கூட" என்பார்கள். அனுபவச் சான்றிதழ் கைக்கு வரும்வரை மேலாளரைக் குறை சொல்லப் பலர் தயங்குவார்கள். ஆகவே தொகுப்பறிக்கையில் காரணத்தோடு பிரிவு, ஷிப்ட், பணிக்காலம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கிடங்கில் 6 மாதத்தில் 12 பேர் விலகியதாக வைத்துக்கொள்வோம். 9 பேர் சம்பளத்தைச் சொல்கிறார்கள். அவர்களில் 7 பேர் இரவு ஷிப்ட். சேர்ந்து 3 மாதம்கூட ஆகாதவர்கள். பகல் ஷிப்டிலும் அதே சம்பளம், அதே அளவு ஆட்கள். அப்படியானால் நிர்வாகம் முதலில் விசாரிக்க வேண்டியது, இரவில் புதியவர்களுக்கு வேலை பழக்குவது யார், எப்படி என்பதைத்தான்.

ஓரிருவர் மட்டும் விலகிய பிரிவைத் தனியாகக் காட்டாதீர்கள். சொன்னவர் யாரென்று தெரிந்துவிடும்.