குணசேகரன் எங்கே போனார்?

ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் தெருவில் இரவு ஒன்பதரைக்குப் பாதி வீடுகளில் ஒரே குரல்தான் கேட்கும். பெங்களூர் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்குபவர்களும் சாப்பாட்டுத் தட்டோடு 'எதிர்நீச்சல்' முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலை சென்னையில் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து காலமானார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அன்று இரவு என்னிடம் கேட்டது, "இனி குணசேகரனை என்ன செய்வாங்க தம்பி?" என்றுதான். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

தினசரித் தொடர் என்பது சினிமாவைப் போல முழுதும் எடுத்து முடித்துத் திரைக்கு வருவதல்ல. இன்று நாம் பார்ப்பது சில நாட்களுக்கு முன் எடுத்தது. சேனலிடம் கையிருப்பாக இருக்கும் எபிசோடுகள் குறைவு. வாரம் ஆறு நாள் ஒளிபரப்பு என்றால் அந்தக் கையிருப்பு மிக வேகமாகக் கரைந்துவிடும். அதனால்தான் ஒருவர் இறந்த பிறகும் சில நாள் திரையில் தெரிகிறார், பிறகு சட்டென்று காணாமல் போகிறார். எழுத்தாளருக்கு யோசிக்கக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

குணசேகரனையும் கதையில் சாகடித்திருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். அந்தத் தொடரின் அமைப்பைப் பார்த்தால் அது முடியாது என்று புரியும். ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா என்ற நான்கு மருமகள்களும் எதிர்த்து நிற்பது அந்த ஒரு மனிதரைத்தான். அவர் போனால் வீட்டுப் பெண்கள் போராட யாருமில்லை, கதையும் நின்றுவிடும். ஆகவே இயக்குநர் திருச்செல்வம் அவரை வீட்டை விட்டுப் போனவராக்கினார். மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. சில வாரங்கள் கழித்து எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அதே பாத்திரத்தில் வந்தார். ஒரு பாத்திரம் வெளியூர் போனதாகவோ, போனில் பேசுவதாகவோ நாள் கணக்கில் கேள்விப்பட்டால், ஆள் மாற்றம் நடக்கிறது என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அண்ணன், மாமா மாதிரியான சிறிய வேடமாக இருந்தால் இவ்வளவு பாடுபடமாட்டார்கள். ஒரு மாலை போட்ட படம் சுவரில் ஏறிவிடும்.

இன்னொரு வகை, சண்டையால் வருவது. இதற்கு நம் கர்நாடகத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. எங்கள் ஊர் வீடுகளில் கன்னடத் தொடர்களும் ஓடும், ஆகவே 'ஜொதெ ஜொதெயலி' பலருக்கும் நினைவிருக்கும். ஜீ கன்னடத்தில் 2019 செப்டம்பரில் தொடங்கியது. ஆர்யவர்தனாக நடித்தவர் விஷ்ணுவர்தனின் மருமகன் அனிருத். 2022 ஆகஸ்டில் அவருக்கும் தயாரிப்பாளர் ஆரூர் ஜெகதீஷுக்கும் தகராறு முற்றியது. படப்பிடிப்பிலிருந்து பாதியில் போய்விட்டார் என்பது தயாரிப்பாளர் தரப்பு. கதை வசனத்தில் நான் கேட்டது சாதாரண மாற்றம்தான் என்பது அனிருத் தரப்பு. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நடந்தது இதுதான்: அவரை நீக்கினார்கள், தயாரிப்பாளர் சங்கம் இரண்டு வருடம் அவரைச் சின்னத்திரையில் சேர்க்கக்கூடாது என்றது, கதையில் ஆர்யவர்தனுக்கு விபத்து நேர்ந்தது, முகம் மாறி ஹரிஷ் ராஜ் வந்தார்.

விபத்தும் அறுவைச் சிகிச்சையும் வேடிக்கையாகத் தோன்றினாலும் அதன் பின்னால் ஒரு கணக்கு உண்டு. முகம் நடிகருடையது, ஆனால் பாத்திரத்தின் பெயரும் கதையும் பொதுவாகத் தயாரிப்பாளருக்கும் சேனலுக்கும் சொந்தம். நடிகர் பெரும்பாலும் நாள் சம்பளத்துக்கு, மாதம் இத்தனை நாள் கால்ஷீட் என்று ஒப்புக்கொண்டு வருகிறார். அவர் ஒரு நாள் வராவிட்டால் மற்ற நடிகர்கள், கேமரா, வாடகை வீடு எல்லாவற்றுக்கும் அன்றைய செலவு வீண். அதனால் தயாரிப்பாளர் கோபம் சீக்கிரம் ஏறும். நடிகருக்கும் அவர் நியாயம் இருக்கிறது. சினிமா வாய்ப்பு வந்தால் அந்த நாட்களைத் தொடர் விட்டுக்கொடுக்காது. சண்டையில் போனவரைச் சீக்கிரமே திரையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இறந்தவருக்கோ கொஞ்சம் காத்திருப்பார்கள், அவர் இடத்தில் வேறு முகத்தைப் பார்க்க வீட்டில் இருப்பவர்களுக்கு மனம் வராது என்பதால். வேல ராமமூர்த்தியைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரம் டிவியை அணைத்தே வைத்தார். பிறகு பழகிவிட்டது.

'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்து, அதே ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி தொடங்கியது. அதிலும் குணசேகரனாக வேல ராமமூர்த்திதான் வந்தார். ஆனால் ஜனனி மாறியிருந்தார். மதுமிதா நடித்த வேடத்தில் பார்வதி.