உச்சிப்பொழுதும் போர்ட்ஸ்மத் கடிகாரமும்

1761 டிசம்பர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து ஜமைக்காவுக்குக் கிளம்பிய ‘டெப்ட்ஃபோர்டு’ என்ற போர்க்கப்பல் அட்லாண்டிக் கடலில் மடெய்ரா தீவுகளைத் தேடிக்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த பீர் கெட்டுப்போயிருந்தது. அதனால் தீவு எப்போது கண்ணில் படும் என்பதில் மாலுமிகளுக்கு அவசரம் இருந்தது. போர்ட்ஸ்மத்துக்கு மேற்கே 13 பாகை 50 கலை தூரத்தில் இருக்கிறோம் என்றார்கள் கப்பலின் அதிகாரிகள். (ஒரு பாகை என்பது ஒரு டிகிரி, அதில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை.) கப்பலில் வந்திருந்த வில்லியம் ஹாரிசன் மட்டும் 15 பாகை 19 கலை என்றார். அந்தக் கடற்பகுதியில் இந்த வித்தியாசம் சுமார் 75 கடல் மைல். கேப்டன் டட்லி டிக்ஸ் ஹாரிசனை நம்பவில்லை; ஒன்றுக்கு ஐந்து என்று பந்தயம் கட்டத் தயாராக இருந்தார். ஹாரிசன் அசரவில்லை. இதே திசையில் போனால் நாளைக்கே தீவு தெரியும் என்றார். மறுநாள் காலை மடெய்ரா கூட்டத்தைச் சேர்ந்த போர்ட்டோ சாண்டோ தீவு கண்ணுக்கு எதிரே நின்றது.

அதிகாரிகளின் கணக்கு அந்தக் காலத்து வழக்கப்படிப் போட்டதுதான். முடிச்சுகள் போட்ட கயிற்றில் பலகையைக் கட்டிக் கடலில் விட்டு, மணற்கடிகாரம் ஒழுகி முடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணுவார்கள். அது கப்பலின் வேகம். திசையையும் நேரத்தையும் அதோடு சேர்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஊகிக்கலாம். கடல்நீரோட்டம் கப்பலை ஓசையில்லாமல் தள்ளிக்கொண்டு போவது இந்தக் கணக்கில் வராது. வில்லியம் நம்பியது அவருடைய தந்தை ஜான் ஹாரிசன் செய்து கொடுத்த கடிகாரத்தை. 13 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. பார்வைக்குப் பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போலத்தான் இருக்கும்.

அதன் அடிப்படை எளியது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது; ஒரு மணிக்கு 15 பாகை, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. கிழக்கே உள்ள ஊருக்கு உச்சிப்பொழுது முந்தி வரும், மேற்கே உள்ள ஊருக்குப் பிந்தி வரும். புறப்பட்ட ஊரின் நேரத்தைக் காட்டும் கடிகாரம் கையில் இருந்தால் போதும். நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும்போது அதைப் பார்த்து, இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பாகையாக மாற்றிவிடலாம். ஒப்பிடும் நேரம் கிரீன்விச் நேரமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டெப்ட்ஃபோர்டில் இருந்தது போர்ட்ஸ்மத் நேரம்.

சொல்வதற்கு எளிது. கப்பல் தளத்தில் நின்று செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். முதல் சிக்கல், உச்சிப்பொழுது என்ற நொடியைப் பிடிக்கவே முடியாது என்பது. தொடுவானத்திலிருந்து சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மாலுமிகள் கோணமானியால் அளப்பார்கள். ஆனால் உச்சியை நெருங்கும் சூரியன் ஏறவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் சற்று நேரம் தொங்கி நிற்கும். மடெய்ரா பக்கம் டிசம்பரில், உச்சிக்கு ஐந்து நிமிடம் முன்பும் ஐந்து நிமிடம் பின்பும் சூரியனின் உயரம் உச்ச அளவைவிட ஒரு கலைகூடக் குறைவதில்லை. ஆடும் தளத்தில் நின்றுகொண்டு ஒரு கலையைப் பிரித்தறிவது கைதேர்ந்தவருக்கே கஷ்டம். அந்தப் பத்து நிமிடத்தில் எது உச்சி என்று எப்படிச் சொல்வது? நேரத்தில் ஐந்து நிமிடம் தவறினால் தீர்க்கரேகை ஒன்றேகால் பாகை தவறும். டெப்ட்ஃபோர்டில் நடந்த சண்டையே கிட்டத்தட்ட அவ்வளவு வித்தியாசத்துக்குத்தான்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் உச்சியை நேராகப் பார்க்க மாட்டார்கள். காலையில், சூரியன் விறுவிறுவென்று ஏறும்போது, ஓர் உயரத்தை அளந்து கடிகாரத்தைக் குறித்துக்கொள்வார்கள். கோணமானியை அப்படியே அசையாமல் வைத்துவிடுவார்கள். பிற்பகலில் சூரியன் இறங்கி வந்து அதே உயரத்தைத் தொடும் நேரத்தையும் குறிப்பார்கள். இரண்டுக்கும் நட்ட நடுவே வருவதுதான் உச்சி. அதே மடெய்ரா டிசம்பரில் காலை ஒன்பது மணிச் சூரியன் ஒரு கலை ஏற ஏறக்குறைய ஏழு நொடிதான் எடுக்கும். ஆகவே ஒரு கலை பிசகினாலும் நேரத்தில் வருவது சில நொடிப் பிழையே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்தவை. விடை மட்டும் வில்லியம் சொன்ன இடம். காலையில் குறித்தபோது போர்ட்ஸ்மத் கடிகாரம் 9 மணி 50 நிமிடம் 10 நொடி. பிற்பகலில் சூரியன் அதே உயரத்துக்கு வந்தபோது 3 மணி 58 நிமிடம் 22 நொடி. இரண்டுக்கும் நடுப்புள்ளி 12 மணி 54 நிமிடம் 16 நொடி. போர்ட்ஸ்மத் நேரப்படி கப்பலில் சூரியன் உச்சிக்கு வந்தது அப்போதுதான்.

இத்தோடு நிறுத்திவிட்டால் வித்தியாசம் 54 நிமிடம் 16 நொடி, அதாவது 13 பாகை 34 கலை. அது தவறான விடை. காரணம், சூரியன் கடிகாரம் போல் சீராக ஓடுவதில்லை. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து உச்சிப்பொழுதை ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் தள்ளுகின்றன. சென்னையிலேயே இதைப் பார்க்கலாம். நவம்பர் தொடக்கத்தில் நம் கடிகாரப்படி பகல் 11 மணி 53 நிமிட வாக்கில் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிடம் வரை தாமதிக்கும். ஒவ்வொரு நாளும் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று அட்டவணைகள் சொல்லிவிடும். 1767 முதல் ஆண்டுதோறும் வெளியான பிரிட்டிஷ் கடற்பயணப் பஞ்சாங்கத்திலும் இது அச்சாகியிருந்தது.

நாம் எடுத்துக்கொண்ட டிசம்பர் நாளில் சூரியன் ஏழு நிமிடம் முந்தி உச்சிக்கு வருவதாகக் கொள்வோம். அப்படியானால் அந்த நொடியில் கப்பல் இருக்கும் இடத்தின் சராசரி நேரம் 12 அல்ல, 11 மணி 53 நிமிடம். போர்ட்ஸ்மத் கடிகாரம் காட்டிய 12-54-16 இலிருந்து இதைக் கழித்தால் 1 மணி 1 நிமிடம் 16 நொடி வரும். ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு நிமிடத்துக்கு 15 கலை, மீதி 16 நொடிக்கு 4 கலை. கூட்டினால் 15 பாகை 19 கலை.

இந்த முறைக்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. காலைக்கும் மாலைக்கும் நடுவே கப்பல் ஆறு மணி நேரம் ஓடிவிடும். மேகமும் குறுக்கே வரும். அதனால் இந்த இரட்டை அளவு நங்கூரமிட்ட இடத்திலும் கரையிலும்தான் நன்றாகப் பயன்பட்டது. ஓடும் கப்பலில் பெரும்பாலும் காலையில் ஒரே ஓர் உயரத்தை அளந்து, இன்னும் எவ்வளவு நேரத்தில் உச்சி வரும் என்று கோளக் கணிதத்தால் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கப்பலின் அட்சரேகை தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் நண்பகல் சூரியன் தந்தது. உச்சியில் சூரியன் தொங்கி நிற்பது நேரம் பார்க்க இடைஞ்சல் என்றாலும், உயரத்தை நிதானமாக அளக்க அதுவே வசதி.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். நான்கு நொடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு கலை பிசகும். பூமத்திய ரேகையில் அது ஒரு கடல் மைல். வாரக்கணக்கில் ஓடும் பயணத்தில் துளியும் பிசகாத கடிகாரத்தை யாராலும் செய்ய முடியாது. வெயிலில் சுருள்வில் தளர்ந்து கடிகாரம் மெதுவாகும், குளிரில் வேகமெடுக்கும். ஹாரிசன் பித்தளையையும் எஃகையும் ஒட்டிய பட்டை ஒன்றை உள்ளே வைத்து இதைப் பெருமளவு ஈடுகட்டினார். அப்படியும் கொஞ்சம் பிசகு மிஞ்சும். ஆனால் அது தினமும் ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை. நாளுக்கு இரண்டு நொடி பிந்தும் என்று தெரிந்தால், முப்பதாம் நாள் ஒரு நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நேற்று இரண்டு நொடி முந்தி, இன்று மூன்று நொடி பிந்தும் கடிகாரம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஜமைக்கா பயணத்தில் வழக்கே இதைச் சுற்றித்தான் எழுந்தது. கடிகாரம் நாளுக்கு இரண்டே முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தும் என்று வைத்துக் கழித்தார்கள். 81 நாளில் அது மட்டுமே மூன்றரை நிமிடத்துக்கு மேல். அதைக் கழித்த பின் மிஞ்சிய பிழை ஏறத்தாழ ஐந்து நொடி. 1714ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரைப் பாகைக்குள் தீர்க்கரேகையைச் சொல்லும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசு. நேரத்தில் அது இரண்டு நிமிடம். ஐந்து நொடி என்பது அதற்குள் தாராளமாக அடங்கும். ஆனால் பரிசுக் குழு ஒப்பவில்லை. நாளொன்றுக்கு எவ்வளவு பிசகும் என்பதைப் புறப்படும் முன்பே எழுதித் தரவில்லையே என்று கேட்டது. ஜமைக்காவின் தீர்க்கரேகையே உறுதியாகத் தெரியாதபோது கடிகாரம் சரி என்று எதை வைத்துச் சொல்வது என்றும் கேட்டது. ஹாரிசனுக்குக் கசந்திருக்கும், ஆனால் இரண்டும் நியாயமான கேள்விகள். பிசகைப் பயணம் முடிந்த பிறகு கணக்கிட்டால் எந்தக் கடிகாரத்தையும் சரியென்று காட்டிவிடலாம்.

1764இல் பார்படோஸ் தீவுக்கு நடந்த இரண்டாம் சோதனையில் ஹாரிசன் தரப்பு அந்த அளவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைப் பார்த்து அந்தத் தீவின் தீர்க்கரேகையை வானியலாளர்கள் தனியாகக் கணித்தார்கள். ஏறக்குறைய ஏழு வாரப் பயணத்தின் முடிவில் கடிகாரத்தின் பிழை சுமார் 39 நொடி, அதாவது 10 கலை. சட்டம் அனுமதித்ததில் மூன்றில் ஒரு பங்கு.

அடுத்த நூற்றாண்டுக் கப்பல்களின் பழக்கம் இதிலிருந்து வந்ததுதான். குரோனோமீட்டர் என்று பெயர் பெற்ற அந்தக் கடிகாரத்தைக் கப்பல் சாய்ந்தாலும் சாயாதபடி வளையங்களில் தொங்கவிட்டுப் பெட்டியில் வைத்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்தார்கள். முள்ளை மட்டும் தொடவே மாட்டார்கள். பிசகு எவ்வளவு என்று ஏட்டில்தான் எழுதுவார்கள், ஏனென்றால் முள்ளைத் திருப்பினால் இத்தனை நாள் சேர்த்த கணக்கு அறுந்துவிடும். 1833 முதல் கிரீன்விச் ஆய்வகத்தின் உச்சியில் பெரிய பந்து ஒன்று தினமும் பகல் சரியாக ஒரு மணிக்குக் கீழே இறங்கியது. தேம்ஸ் ஆற்றில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தின் பிசகைக் குறித்துக்கொண்டன.

துறைமுகத்தைத் தாண்டிவிட்டால் கடிகாரம் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கடிகாரம் இருந்தால் வழியே இல்லை. இரண்டு இருந்தால் ஒன்று தவறு என்று தெரியும், எது என்று தெரியாது. மூன்று இருந்தால்தான் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாததை ஒதுக்க முடியும். சார்லஸ் டார்வின் போன ‘பீகிள்’ கப்பலில் கேப்டன் ஃபிட்ஸ்ராய் 22 குரோனோமீட்டர்கள் வைத்திருந்தார். 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றியபோது, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர வித்தியாசத்தை அவற்றைக் கொண்டு சங்கிலி போல் கோத்துக்கொண்டே போனார். புறப்பட்ட நாட்டுக்கே திரும்பும்போது அத்தனை வித்தியாசங்களையும் கூட்டினால் மிகச் சரியாக 24 மணி வர வேண்டும். பூமியே திருத்தித் தரும் விடைத்தாள் அது. பீகிளின் கூட்டுத்தொகை 24 மணியைவிட 33 நொடி அதிகம். ஐந்து ஆண்டுகளும் எத்தனையோ துறைமுகங்களும் சேர்ந்து தந்த பிழை எட்டேகால் கலை. அந்த 33 நொடியை ஃபிட்ஸ்ராய் எங்கும் பங்குபோட்டு மறைக்கவில்லை. அறிக்கையில் அப்படியே அச்சிட்டார்.